திரும்பி வர வழி எழுதியாயிற்றா?

வங்கி, மின்கட்டணம், ரயில் முன்பதிவு என்று நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் ஓயாமல் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆனால், மாற்றத்தை உருவாக்கிய புரோகிராமரே அதை நேராகச் சர்வரில் ஏற்றிவிட முடியாது. பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’ என்ற குறிப்பு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் தருபவர்களில் சர்வர்களைக் கவனிக்கும் மேலாளர் இருப்பார். கணக்குப் பிரிவின் பொறுப்பாளரும் வாடிக்கையாளர் சேவையின் தலைவரும் இருக்கலாம். அவர்களில் பலர் நிரலைப் படிப்பவர்கள் அல்ல. அந்தக் குறிப்பை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஒரு நகரத்தின் குடிநீர்க் கட்டணத்தை வசூலிக்கும் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொழில்நுட்பப் பிரிவு இப்படி ஒரு குறிப்பை அனுப்புகிறது:

“கட்டண விவரப் பக்கத்தில் பர்ஃபார்மன்ஸ் மேம்பாடு. `payments` டேபிளில் இன்டெக்ஸ் சேர்க்கப்படும். பாதிப்பு: இல்லை. ரிஸ்க்: குறைவு. ரோல்பேக்: பிரச்சினை வந்தால் பழைய நிலைக்குத் திரும்புவோம்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்து ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ காரணத்தோடு சொல்ல ஒருவராலும் முடியாது. இதை வரிவரியாகத் திருத்துவோம்.

முதலில் காரணம். ‘பர்ஃபார்மன்ஸ் மேம்பாடு’ என்பது செய்யப்போகும் வேலைக்கு வைத்த பெயர். அதைச் செய்ய வேண்டிய தேவை அதில் இல்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு சிரமம், இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் காரணம். திருத்திய வரி இது: “பழைய ரசீதைத் தேடும் வாடிக்கையாளர் 9 விநாடி காத்திருக்கிறார். மாதத்தின் முதல் பத்து நாட்களில் கூட்டம் அதிகமாவதால் பக்கம் திறக்காமலே போகிறது. அவர்கள் உதவி எண்ணை அழைக்கிறார்கள். டேபிளில் 4 கோடி வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தேடலுக்கும் அவை முழுவதும் படிக்கப்படுவதே காரணம். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பொருளகராதி போல, வாடிக்கையாளர் எண்ணுக்கு ஓர் இன்டெக்ஸ் சேர்த்தால் தேடல் ஒரு விநாடிக்குள் முடியும். டேட்டாபேஸின் நகலில் இதைச் சோதித்துவிட்டோம். அடுத்த மாதம் 1ஆம் தேதிக்குள் செய்யாவிட்டால் இதே நெரிசல் மீண்டும் வரும்.” இப்போது சேவைத் தலைவருக்கு இது தன் பிரிவின் பிரச்சினை என்று தெரிகிறது.

அடுத்தது பாதிப்பு. குறிப்பை நேர்மையாக எழுத முயன்றால் மாற்றமே மாறிவிடும் இடம் இதுதான். ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிய கை, ‘வேலை நடக்கும்போது யாரால் என்ன செய்ய முடியாது?’ என்ற கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் ஆவணங்களைப் புரட்ட வேண்டிவரும். இந்தத் தளம் ஓடுவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். அதில் சாதாரணமாக இன்டெக்ஸ் உருவாக்கினால், வேலை முடியும்வரை அந்த டேபிளைப் படிக்கலாம். புதிதாக எதையும் எழுத முடியாது. அதாவது, அந்த நேரத்தில் யாராலும் பணம் கட்ட முடியாது. நகலில் இதற்கு 10 நிமிடம் பிடித்தது என்றால், தளம் 10 நிமிடம் வசூலை நிறுத்துகிறது என்றுதான் பொருள். இது தெரிந்த பிறகு, டீம் வேறு கட்டளையைத் தேர்ந்தெடுக்கிறது:

```sql
CREATE INDEX CONCURRENTLY idx_pay_customer
ON payments (customer_id);
```

இந்த வழி எழுதுவதைத் தடுக்காது. ஆனால் இதற்கும் விலை உண்டு. டேபிளை இரண்டு முறை படிப்பதால் நேரம் கூடும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் நீண்ட டிரான்சாக்‌ஷன்கள் முடியும்வரை காத்திருக்கும். ஆகவே பாதிப்பு வரி இப்படி அமைகிறது: “ஞாயிறு அதிகாலை 1 மணிக்குத் தொடங்கும். நகலில் 25 நிமிடம் ஆனது. கட்டணம் செலுத்துவது நிற்காது, சற்றே மெதுவாகலாம். கணக்குப் பிரிவின் இரவு அறிக்கை அதே நேரத்தில் ஓடினால் இந்த வேலை முடியாமல் காத்து நிற்கும். எனவே அன்று மட்டும் அறிக்கையை 3 மணிக்குத் தள்ளிவைக்கக் கோருகிறோம்.” தன் சம்மதம் எதற்குத் தேவை என்பது இப்போது கணக்குப் பிரிவின் பொறுப்பாளருக்குப் புரியும். பழைய குறிப்பில் அவர் பிரிவின் பெயரே இல்லை.

மூன்றாவது ரோல்பேக், அதாவது பின்வாங்கும் திட்டம். ‘பழைய நிலைக்குத் திரும்புவோம்’ என்பது விருப்பம் மட்டுமே. திட்டம் என்றால் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எதைப் பார்த்துப் பின்வாங்குவது, முடிவெடுப்பவர் யார், எந்த நேரத்துக்குள், எந்தப் படிகளில். நம் குறிப்பில் அது இப்படி வரும்: “பணம் செலுத்த ஆகும் நேரம் தொடர்ந்து 5 நிமிடம் 3 விநாடிக்கு மேல் இருந்தாலோ, 2.30 மணிக்குள் வேலை முடியாவிட்டாலோ நிறுத்துவோம். முடிவு இரவுப் பணியின் பொறுப்பு அலுவலருடையது. நிறுத்தியதும் கீழுள்ள கட்டளையை இயக்குவோம். வாடிக்கையாளர் தகவல் எதுவும் அழியாது.”

```sql
DROP INDEX CONCURRENTLY idx_pay_customer;
```

வேலையை நிறுத்தியதோடு விஷயம் முடிவதில்லை என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். பாதியில் நின்ற இன்டெக்ஸ் தானாக மறையாது. `INVALID` என்ற அடையாளத்தோடு டேபிளிலேயே தங்கிவிடும். தேடலுக்கு அது உதவாது, ஆனால் ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் சுமையாக இருக்கும். அதை நீக்கியாயிற்றா என்று சரிபார்ப்பதே பின்வாங்கலின் கடைசிப் படி.

பின்வாங்குவது எப்போதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று இதை நேரில் கண்டது. எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரல், ஒன்றில் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது. சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் கிடந்த பழைய, கைவிடப்பட்ட நிரல் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. என்ன கோளாறு என்று தெரியாத பதற்றத்தில், சரியாக இருந்த மற்ற ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். அங்கேயும் பழைய நிரல் இயங்கத் தொடங்கியது, சேதம் பெருகியது. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 40 கோடி டாலரைத் தாண்டியது. ஏற்றியதை இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ நடைமுறை அங்கே இல்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பு பின்னர் கூறியது. ‘பிரச்சினை வந்தால் பழையதற்குத் திரும்புவோம்’ என்ற வரியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது போதும். திரும்பிப் போகும் இடம் எப்படி இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே ஒருமுறை சோதித்திருக்க வேண்டும்.

சில மாற்றங்களில் திரும்பும் வழியே இருக்காது. டேபிளிலிருந்து ஒரு காலத்தை அழித்துவிட்டால் அதிலிருந்த தகவல் போய்விடும். பேக்கப்பிலிருந்து மீட்டால், இடையில் கட்டப்பட்ட பணத்தின் பதிவுகள் விட்டுப்போகும். அத்தகைய மாற்றத்தில் ‘இந்தப் படிக்குப் பிறகு பின்வாங்க முடியாது’ என்று வெளிப்படையாக எழுதுவதுதான் நேர்மை. அதைப் படித்த பிறகு, காலத்தை உடனே அழிக்காமல் ஒரு மாதம் பயன்படுத்தாமல் விட்டுவைத்து, பிறகு அழிக்கலாம் என்று ஒப்புதல் தருபவர் யோசனை சொல்லலாம்.

குறிப்பை அனுப்புமுன் அந்த வேலையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஏன் இப்போது, வேலை நடக்கும்போது யாருக்கு என்ன நிற்கும், எந்த அறிகுறியைக் கண்டால் யார் பின்வாங்குவார் என்ற மூன்றையும் அவர் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தி எழுதிய பிறகே ஒப்புதல் கேளுங்கள். ஒப்புதல் தரும் இடத்தில் இருப்பவர்களும், ‘ரிஸ்க்: குறைவு’ என்று மட்டும் எழுதிய குறிப்பில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.