ஒரு வரிப் பதிலும் ஆறு வாரத் திட்டமும்

மென்பொருள் நிறுவனங்களில் ஃபைனல் ரவுண்ட் என்று ஒருமையில் சொன்னாலும், பெரும்பாலும் அது நான்கைந்து நேர்காணல்களின் தொகுப்பு. கோடிங் இரண்டு, சிஸ்டம் டிசைன் ஒன்று, மேலாளருடன் ஒன்று என்பது பரவலான வரிசை. பேட்டி எடுத்த ஒவ்வொருவரும் தனித்தனியே குறிப்பு எழுதுவார்கள். பிறகு கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். மூன்று நன்றாக அமைந்து ஒன்று சறுக்கினாலும் வாய்ப்பு கைநழுவலாம். ஆகவே நிராகரிப்பு வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, சறுக்கியது எந்த அறையில் என்பதுதான்.

அதற்கு விடை தேடும் வேலை, முடிவு வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். நேர்காணல் முடிந்த அன்றிரவே, கேட்ட கேள்வி, சொன்ன பதில், எதிரே இருந்தவர் எந்த இடத்தில் மறுபடி மறுபடி கேட்டார் என்பதையெல்லாம் எழுதி வைத்துவிட வேண்டும். 'இல்லை' என்ற மின்னஞ்சல் வந்துவிட்டால் நினைவும் அதற்கேற்ப மாறிவிடும்; நன்றாகச் செய்ததுகூட மோசமாகத் தோன்றும். ஒரே கேள்வியை ஒருவர் இரண்டு மூன்று விதமாக மாற்றிக் கேட்டிருந்தால், அவருக்கு வேண்டிய பதில் கிடைக்கவில்லை என்று பொருள். எந்த ஹெச்ஆரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லப் போவதில்லை.

நிறுவனங்கள் காரணத்தை விரிவாகச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. எழுத்தில் கொடுத்தது நாளை வழக்கிலோ வாக்குவாதத்திலோ வந்து நிற்கலாம். 'கருத்து சொல்வதில்லை' என்பதையே விதியாக வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. எனவே கேட்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. நேர்காணல் எடுத்தவரைச் சமூக வலைத்தளத்தில் தேடிப் பிடித்துக் கேட்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். ரெக்ரூட்டரிடம் கேட்பதே முறை. மின்னஞ்சல் வந்த சூட்டோடு எழுதாமல் ஒரு நாள் பொறுத்து, நன்றி சொல்லி, பத்து நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா என்று கேட்கலாம். எழுத்தில் ஒரு வரிக்கு மேல் தராதவர் பேச்சில் கொஞ்சம் மனம் திறப்பார்.

"முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, மேடம். எந்த ரவுண்டில் பின்தங்கினேன், அதில் எதைச் சரிசெய்ய வேண்டும், மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம், இந்த மூன்று மட்டும் தெரிந்தால் போதும்" என்று சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் தற்காப்புக்குப் போக மாட்டார். 'ஏன் என்னை எடுக்கவில்லை' என்ற கேள்விக்கு அந்தப் பலன் கிடையாது. ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்குப் பிறகு விட்டுவிடலாம்.

வந்த பதிலைப் பிரித்துப் படிக்கவும் தெரிய வேண்டும். 'ஆளெடுப்பை நிறுத்திவிட்டோம்', 'உள்ளிருந்தே ஒருவரை எடுத்துவிட்டோம்' என்று சொன்னால் படிப்பில் எதையும் மாற்றத் தேவையில்லை. ஒரு திறமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால்தான் அங்கே வேலை இருக்கிறது.

ஓர் உதாரணம். சென்னையில் நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஒரு பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். ரெக்ரூட்டர் சொன்னது ஒரே வரி: "கோடிங் நன்றாக இருந்தது, டிசைனில் ஆழம் போதவில்லை." இந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால், ஐந்நூறு பக்கப் புத்தகத்தை முதலிலிருந்து படிக்கத் தோன்றும். ஆனால் அவர் அன்றிரவு எழுதிய குறிப்பு வேறு கதை சொல்கிறது. கேள்வி, சினிமா டிக்கெட் முன்பதிவு. எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று கேட்காமலே பல சர்வர்களைப் பலகையில் வரையத் தொடங்கியிருக்கிறார். 'ஒரே இருக்கையை இருவர் ஒரே நொடியில் அழுத்தினால்?' என்று மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் 'லாக் போடுவோம்' என்பதே பதில். எங்கே, எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லவில்லை.

ஆக, ஆழம் போதவில்லை என்பதன் பொருள் இரண்டே குறைகள்: கணக்குப் போடாதது, 'லாக்' என்ற சொல்லோடு நின்றது. திட்டம் இந்த இரண்டுக்குத்தான்.

முதல் இரண்டு வாரம் கணக்குக்கு. நாளைக்கு 10 லட்சம் டிக்கெட் என்று வைத்தால், ஒரு நாளின் 86,400 நொடிகளால் வகுக்க, நொடிக்குச் சுமார் 12 வருகிறது. பெரிய நடிகரின் படத்துக்கு முன்பதிவு திறக்கும் வேளையில் இருபது மடங்கு என்றாலும் 240தான். இந்த அளவு பதிவை ஒரு நல்ல தரவுத்தளமே தாங்கும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, எல்லோரும் ஒரே இருக்கைக்குப் பாய்வதில் இருக்கிறது என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும். வெவ்வேறு கேள்விகளை எடுத்து, படம் வரைவதற்கு முன் ஐந்து நிமிடம் இப்படிக் கேட்டுக் கணக்கிடுவதே பயிற்சி.

அடுத்த இரண்டு வாரம் அந்த இருக்கையைச் சொந்த மடிக்கணினியில் செய்து பார்க்க. மையமான கட்டளை சிறியது:

```
UPDATE seats SET status='held', held_by=42
WHERE show_id=7 AND seat_no='F12' AND status='free';
```

இரண்டு திரைகளிலிருந்து, `held_by` எண்ணை மட்டும் மாற்றி, இதை ஒரே சமயத்தில் ஓட்டினால் ஒருவருக்கு 'ஒரு வரி மாறியது' என்றும் மற்றவருக்குப் 'பூஜ்யம்' என்றும் வரும். பூஜ்யம் வந்தவரிடம் இருக்கை போய்விட்டது என்று சொல்லிவிடலாம். லாக் தரவுத்தளத்துக்குள், அந்த ஒரு வரியின் மேல், கண நேரத்துக்கு விழுகிறது. பேட்டி எடுத்தவர் எதிர்பார்த்த பதில் இதற்கு அருகில்தான் இருந்திருக்கும். கையால் செய்தவருக்கே அடுத்த சிக்கலும் தட்டுப்படும். இருக்கையைப் பிடித்தவர் பணம் கட்டாமல் செயலியை மூடிவிட்டால் `F12` யாருக்கும் கிடைக்காமல் கிடக்கும். காலக்கெடுவுக்கு ஒரு பத்தி சேர்த்து, கெடு தாண்டியதையும் காலி இருக்கையாகக் கொள்ள வேண்டும்.

கடைசி இரண்டு வாரம் மாக் இன்டர்வியூ. நண்பர் ஒருவரை எதிரே உட்கார வைத்து 45 நிமிடம் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். நண்பரின் 'நல்லா இருந்துச்சுடா' என்ற பாராட்டு இங்கே பயன்படாது. முதல் பெட்டியை வரைவதற்கு முன் எத்தனை கேள்வி கேட்கப்பட்டது, எத்தனை இடத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு விளக்காமல் நகர்ந்தாயிற்று என்று பதிவைக் கேட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறையாவிட்டால் படிப்பு வாய்க்கு வரவில்லை என்று அர்த்தம்.

கோடிங் நன்றாக இருந்தது என்றார்களே என்று அதை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. வாரத்துக்கு இரண்டு கணக்கு போட்டால் கை பழக்கம் விடாது. ஆனால் தெரிந்ததையே மணிக்கணக்கில் போட்டு மனத்தைத் தேற்றிக்கொள்வது, தோற்றவர்கள் மிகச் சாதாரணமாகச் செய்யும் தப்பு.

அதே நிறுவனத்தில் மறுபடி முயல ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இடைவெளி கேட்பது வழக்கம். பழைய குறிப்புகள் பெரும்பாலும் அவர்களின் கோப்பில் இருக்கும். எனவே கெடு முடிந்ததும் பொதுப் பக்கத்தில் புதிதாக விண்ணப்பிப்பதைவிட, அன்று தொலைபேசியில் பேசிய ரெக்ரூட்டருக்கே எழுதுவது நல்லது. என்ன குறை சொன்னார்கள், அதற்கு என்ன செய்தாயிற்று என்று மூன்று வரி போதும்.