ஒரு தட்டு நாசி கண்டாரில் எத்தனை கலோரி? படம் எடுத்துக் கணக்குப் போடலாம், ஆனால் ஆழம் தெரியணும்

மாமாக் கடையில் நாசி கண்டார் வாங்கி உட்காருகிறீர்கள். சோறு, பொரித்த கோழி, வெண்டைக்காய், அவித்த முட்டை, மேலே 'பஞ்சிர்' என்று சொல்லி ஊற்றிய குவா. சாப்பிடும் முன் ஒரு படம் எடுக்கிறீர்கள். அந்தப் படத்தை வைத்து கலோரி எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். உணவியல் நிபுணரிடம் போகும் நீரிழிவு நோயாளிகள் பலர் சாப்பாட்டுப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டுவது உண்டு. உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ செய்யலாம். பிரச்சினை என்னவென்றால், மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் நீளமும் அகலமும்தான் இருக்கும். சோறு எவ்வளவு உயரம் குவிந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. கலோரியோ எடையைப் பொறுத்தது, எடை கொள்ளளவைப் பொறுத்தது. கொள்ளளவுக்கு மூன்று அளவுகளும் வேண்டும்.

அதனால் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: தட்டின் விட்டம், உணவின் ஆழம்.

முதலில் தட்டு

தட்டுதான் உங்கள் அளவுகோல். அது எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்தால், படத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டு அளந்துவிடலாம். இங்கே ஊகம் செய்யாதீர்கள். வீட்டுத் தட்டாக இருந்தால் ஒரே ஒரு முறை ரூலர் வைத்து அளந்து குறித்துக்கொண்டால் போதும்.

ஏன் இவ்வளவு கறார்? உங்கள் தட்டு உண்மையில் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 28 செ.மீ. என்று நினைத்துவிட்டீர்கள். வித்தியாசம் 3 செ.மீ.தானே என்று தோன்றும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றையுமே தட்டை வைத்துத்தான் கணக்கிடுகிறீர்கள். மூன்றிலும் அந்தப் பிழை நுழைகிறது. முடிவில் கொள்ளளவு சுமார் 40 விழுக்காடு கூடிவிடும். ஒரு தட்டுச் சோறு கிட்டத்தட்ட ஒன்றரைத் தட்டு ஆன மாதிரி.

கடையில் ரூலருக்கு எங்கே போவது? பர்ஸில் இருக்கும் வங்கி அட்டையோ டச் அண்ட் கோ அட்டையோ போதும். இவற்றின் நீளம் 8.56 செ.மீ., எங்கே போனாலும் மாறாது. வங்கி அட்டை என்றால் எண்கள் தெரியாதபடி கவிழ்த்து வையுங்கள். மைகார்டும் அதே அளவுதான், ஆனால் அடையாள எண்ணோடு அதைப் படம் பிடித்து அனுப்புவது நல்ல பழக்கம் இல்லை.

அட்டையை மேசையில் வைத்தால் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. தட்டின் விளிம்பு மேசையைவிட 2 செ.மீ. உயரத்தில் இருக்கும். கேமராவுக்கு அது பக்கம் என்பதால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். போனை அரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் இந்தப் பிழை 4 விழுக்காடு அளவில் நின்றுவிடும். தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனால் பிழை வளரும். ஆகவே உயரத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் ஸூம் செய்து எடுங்கள்.

அடுத்து ஆழம்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

தட்டு தட்டையானது இல்லை. நடுவில் ஒரு குழி இருக்கிறது. சோற்றின் ஒரு பகுதி அந்தக் குழிக்குள் மறைந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் விளிம்புக்கு மேலே தெரிவது மட்டும்தான் கண்ணுக்குப் படும்.

வெறும் தட்டு கையில் கிடைக்கும்போது இதைச் செய்து பாருங்கள். விளிம்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு சாப்ஸ்டிக்கைக் குறுக்கே வையுங்கள். சாப்ஸ்டிக்கின் அடியிலிருந்து தட்டின் நடுப்பகுதி வரை எவ்வளவு ஆழம் என்று ரூலரால் அளந்துகொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் 2 செ.மீ. என்று வைப்போம்.

இப்போது இரண்டாவது படம். போனை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, தட்டின் விளிம்பு கிட்டத்தட்ட ஒரே கோடாகத் தெரியும்வரை இறக்கி, பக்கவாட்டிலிருந்து எடுங்கள். விளிம்பின் இடது முனையையும் வலது முனையையும் இணைத்து மனசுக்குள் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து சோற்றின் உச்சி வரை எவ்வளவு என்று பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் விளிம்பிலிருந்து அளக்க வேண்டாம், அது கேமராவுக்கு நெருக்கமாக இருப்பதால் ஏமாற்றும். இடது, வலது முனைகளும் சோற்றின் நடுவும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன, அதனால்தான் அந்தக் கோடு.

நம் படத்தில் தட்டு ஓரத்திலிருந்து ஓரம் 1,000 புள்ளிகள் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 செ.மீ. தட்டு என்பதால் 40 புள்ளிகளுக்கு 1 செ.மீ. சோற்றின் உச்சி கோட்டுக்கு மேலே 80 புள்ளிகள். அதாவது 2 செ.மீ. அதோடு மறைந்திருக்கும் குழி ஆழம் 2 செ.மீ. சேர்த்தால் மொத்த உயரம் 4 செ.மீ. குழியை மறந்திருந்தால் சோற்றில் பாதி கணக்கிலேயே வந்திருக்காது.

புள்ளிகளை எண்ணுவது எப்படி என்று யோசிக்க வேண்டாம். படத்தைத் திரையில் பெரிதாக்கி, திரை மேலேயே ரூலரை வைத்து அளந்தாலும் விகிதம் அதேதான்.

இனி கணக்கு

மேலிருந்து எடுத்த படத்தில் சோற்றுக் குவியலின் அடிவிட்டம் 14 செ.மீ. என்று வருகிறது. அடிப்பரப்பு சுமார் 154 சதுர செ.மீ. உயரம் 4 செ.மீ. இரண்டையும் அப்படியே பெருக்கினால் 616 மில்லிலிட்டர். அது தப்பு. சோறு டப்பா மாதிரி நிமிர்ந்து நிற்கவில்லை, மேடு மாதிரி சரிந்து இறங்குகிறது. இப்படிப்பட்ட குவியலுக்குப் பாதி எடுத்தால் போதும்: 308 மில்லிலிட்டர்.

கொள்ளளவிலிருந்து எடைக்கு எப்படிப் போவது? 240 மில்லிலிட்டர் கோப்பையில் அழுத்தாமல் நிரப்பிய வெள்ளைச் சோறு ஏறக்குறைய 158 கிராம் இருக்கும். மீதி இடத்தில் இருப்பது காற்று. கடையில் கிண்ணத்தால் கொஞ்சம் அழுத்தித்தான் போடுவார்கள், அதனால் மில்லிலிட்டருக்கு 0.7 கிராம் என்று எடுப்போம். நம் சோறு சுமார் 216 கிராம். 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் 130 கலோரி. ஆக, சோறு மட்டும் 280 கலோரி.

இப்போது உயரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறுங்கள். 3 செ.மீ. என்றால் 210 கலோரி, 5 செ.மீ. என்றால் 350. விரல் நக அகலத்துக்கு இவ்வளவு வித்தியாசம். மாவுச்சத்தில் பார்த்தால் 45 கிராமா 75 கிராமா என்ற கேள்வி அது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. படத்தை மட்டும் நம்பி மருந்தின் அளவை மாற்றவே கூடாது, அதை மருத்துவக் குழுவிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

பொரித்த கோழித் தொடைக்கும் அதே பாதி விதி பொருந்தும். 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. தடிமன். பெருக்கிப் பாதியாக்கினால் 115 மில்லிலிட்டர். இறைச்சி சோறு மாதிரி இல்லை, காற்று குறைவு, அதனால் எடையும் ஏறக்குறைய 115 கிராம். எலும்புக்குக் கால் பங்கு கழித்தால் சாப்பிடக்கூடியது 86 கிராம். தோலோடு பொரித்தால் 100 கிராமுக்கு 260 கலோரி என்று வைத்து, சுமார் 225 கலோரி. முட்டைக்கு 70, எண்ணெயில் வதக்கிய கொஞ்சம் வெண்டைக்காய்க்கு 50. இவற்றை அளக்க மெனக்கெட வேண்டாம், பிழை வந்தாலும் பெரிதாக இருக்காது.

இதுவரை 625.

குவா என்னும் தலைவலி

பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். இந்த வெள்ளம்தான் கேமராவைத் தோற்கடிக்கிறது.

சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே காற்றிடம் இருக்கிறது என்று சொன்னோம் இல்லையா? நம் 308 மில்லிலிட்டர் குவியலில் அது கிட்டத்தட்ட 100 மில்லிலிட்டர். குவா ஊற்றும்போது அது நேரே அந்தச் சந்துக்குள் இறங்கிவிடும். சோறு உயரவும் இல்லை, அகலவும் இல்லை. தட்டும் ஆழமும் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் உள்ளே போன குவா கணக்கில் வராது. நிறம்தான் மாறியிருக்கும்.

அந்தக் குவாவில் எண்ணெய் எவ்வளவு என்பதும் தெரியாது. 1 கிராம் எண்ணெயில் 9 கலோரி. கரண்டியை மேலாக மிதக்கும் எண்ணெயில் விட்டு எடுத்தாரா, அடிவரை கலக்கி எடுத்தாரா என்பதைப் பொறுத்து 5 கிராமும் இருக்கலாம், 15 கிராமும் இருக்கலாம். எண்ணெய் மட்டுமே 45 முதல் 135 கலோரி வரை. தேங்காய்ப்பால் சேர்த்த குர்மா என்றால் இன்னும் கூடும்.

ஆக, இந்தத் தட்டை "693 கலோரி" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. குவாவுக்காக 670 முதல் 760 வரை. சோற்றின் உயரத்தில் இரு பக்கமும் 1 செ.மீ. தடுமாற்றத்தையும் சேர்த்தால் 600 முதல் 830 வரை. படத்தைக் காட்டினால் ஒற்றை எண்ணைத் துப்பும் செயலிகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

செயலிகளுக்கும் ஆழம்தான் முட்டுக்கட்டை. கூகள் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட 'நியூட்ரிஷன்5கே' என்ற தரவுத் தொகுப்பில், சுமார் 5,000 தட்டு உணவுகளை எடை போட்டு, அவற்றில் பலவற்றை ஆழத்தை அளக்கும் கேமராவாலும் பதிவு செய்தார்கள். ஆழத் தகவலைச் சேர்த்தபோது கணிப்பு மேம்பட்டது. சில ஐபோன் புரோ மாடல்களில் உள்ள லைடார் உணரியும் தூரத்தை அளப்பதற்குத்தான். ஆனால் அதுவும் மேற்பரப்பைத்தான் பார்க்கும். தட்டின் குழியையும் சோற்றுக்குள் போன குவாவையும் அது தோண்டிப் பார்க்காது.

குவாவைக் கொஞ்சமாவது பிடிக்க ஒரு வழி இருக்கிறது: மூன்றாவது படம், சாப்பிட்டு முடித்த பிறகு. தட்டில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் தேங்கி நிற்கிறதா, கோழியின் தோலை ஒதுக்கி வைத்தீர்களா, சோறு எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அதில் தெரியும். எண்ணெய் தேங்கி நின்றால் கணக்கின் மேல் எல்லைப் பக்கம் சாயுங்கள், தட்டில் விட்டதை மட்டும் கழித்துவிட்டு. முடிந்தால் குவாவைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். அதற்கு விட்டமும் ஆழமும் சுலபமாக அளக்கலாம், எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதும் தெரியும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.