ஒரு # குறி விட்டுப்போனால் திரையில் ‘7’ வரும்

கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி 1982-ல் சந்தைக்கு வந்தது. அதன் திரையில் 25 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள், ஆக மொத்தம் ஆயிரம் கட்டங்கள். நினைவகத்தில் `$0400` என்ற முகவரியிலிருந்து தொடங்கும் ஆயிரம் பைட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குச் சொந்தம். அந்த இடத்தில் ஓர் எண்ணைப் போட்டால் உடனே அதற்குரிய எழுத்து திரையில் தெரியும். `$` என்றால் எண் பதினாறடிமானத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். அசெம்பிளி மொழியில் முகவரி முறைகள் எப்படி வேறுபடுகின்றன என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ள இதைவிட வசதியான இயந்திரம் எனக்குத் தெரிந்து இல்லை.

திரையின் இடது மேல் மூலையில் ‘A’ எழுத வேண்டும். இந்தக் கணினியின் திரைக்கணக்கில் A-யின் எண் 1.

```
LDA #$01
STA $0400
```

முதல் வரி 1 என்ற எண்ணை அக்குமுலேட்டர் என்னும் ரெஜிஸ்டரில் ஏற்றுகிறது. எண்ணைத் தேடி எங்கும் போக வேண்டாம், கட்டளையோடு ஒட்டியே இருக்கிறது. இது உடனடி முறை. இரண்டாவது வரியில் `$0400` என்பது மதிப்பு அல்ல, இடம். அக்குமுலேட்டரில் இருப்பதை அந்த இடத்தில் போய் வை என்று அது சொல்கிறது. இது நேரடி முறை.

இப்போது முதல் வரியில் # குறியை விட்டுவிடுங்கள். `LDA $01` என்று ஆகிவிடும். அசெம்பிளர் முணுமுணுக்கவே முணுமுணுக்காது, ஏனென்றால் இதுவும் செல்லுபடியாகும் கட்டளைதான். ‘1 என்ற எண்ணை எடு’ என்பது ‘1-ஆம் முகவரியில் இருப்பதை எடு’ என்று மாறிவிட்டது, அவ்வளவே. கமடோர் 64-ல் அந்த முகவரியில் புராசஸரின் சொந்த வாயில் ஒன்று இருக்கிறது. சாதாரண நிலையில் அதன் மதிப்பு 55. திரைக்கணக்கில் 55 என்பது ‘7’. ஆக, A எதிர்பார்த்த மூலையில் 7 வந்து உட்காரும். புதிதாகப் படிப்பவர்கள் லூப்பையும் கணக்கையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள், தவறு ஒற்றைக் குறியில் இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, அசெம்பிளர் தரும் பட்டியலில் இயந்திரக் குறியீட்டைப் பார்ப்பது. உடனடி முறையில் `A9 01` என்று இருக்க வேண்டும், `A5 01` என்று இருந்தால் # காணாமல் போயிருக்கிறது. நமக்கு LDA ஒரே கட்டளையாகத் தெரிந்தாலும் புராசஸருக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டளை.

ஓர் எழுத்துக்கு இது போதும். திரை முழுவதையும் துடைக்க வேண்டுமானால்? ஆயிரம் கட்டத்திலும் வெற்றிடத்தின் எண்ணான `$20` போக வேண்டும். நேரடி முறையை மட்டும் நம்பினால் ஆயிரம் `STA` எழுத வேண்டியதுதான். ஆதிகாலக் கணினிகளில் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது: புரோகிராம் தன் கட்டளைக்குள் இருக்கும் முகவரியையே ஒவ்வொரு சுற்றிலும் திருத்திக்கொள்ளும். வேலை நடக்கும், ஆனால் பிழை வந்தால் எந்தக் கட்டளை எந்த நிலையில் இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. 1949-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணினியில் முகவரியோடு கூட்டிக்கொள்வதற்கென்றே தனி ரெஜிஸ்டர் ஒன்றைச் சேர்த்தார்கள். இன்று இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் என்று சொல்வது அதன் வழிவந்ததுதான்.

```
      LDX #$00
      LDA #$20
LOOP: STA $0400,X
      INX
      BNE LOOP
```

`$0400,X` என்றால் `$0400` உடன் X ரெஜிஸ்டரின் மதிப்பைக் கூட்டி வரும் இடம். X சுற்றுக்கு ஒன்று கூடுகிறது, கட்டளை மாறவில்லை, இடம் மட்டும் நகர்கிறது. ஆனால் இதை ஓட்டிப் பார்த்தால் மேலே ஆறு வரிகளும் ஏழாவது வரியில் 16 கட்டங்களும்தான் சுத்தமாகும். X எட்டு பிட் ரெஜிஸ்டர். 255-க்கு அடுத்து அது 0 ஆகிவிடும், லூப் நின்றுவிடும். இன்டெக்ஸ் முறையின் எல்லை இங்கே 256.

அதைத் தாண்டத்தான் மறைமுக முறை. இடம் மாறிய கடையின் பூட்டிய கதவில் புது முகவரி எழுதிய அட்டை தொங்குமே, அதுபோல. நீங்கள் போகும் இடத்தில் பொருள் இருக்காது, பொருள் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும்.

```
      LDA #$00
      STA $FB
      LDA #$04
      STA $FC
      LDX #$04
      LDY #$00
      LDA #$20
LOOP: STA ($FB),Y
      INY
      BNE LOOP
      INC $FC
      DEX
      BNE LOOP
```

முதல் நான்கு வரிகள் `$FB`, `$FC` என்ற இரண்டு பைட்டுகளில் `$0400` என்ற முகவரியை எழுதிவைக்கின்றன. இந்தப் புராசஸர் முகவரியின் பின்பாதியை முதலில் வைக்கும், அதனால் 00 முன்னால், 04 பின்னால். அடைப்புக்குறி போட்ட வரி, அந்த இரண்டு பைட்டுகளையும் படித்து, கிடைத்த முகவரியோடு Y-ஐக் கூட்டி, அங்கே போகிறது. Y 256 இடங்களை முடித்ததும் `INC $FC` அட்டையில் இருக்கும் 04-ஐ 05 ஆக்குகிறது. இப்படி நான்கு சுற்று. எத்தனை பெரிய நினைவகப் பகுதியாக இருந்தாலும் இதே லூப் போதும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. நான்கு சுற்று என்றால் 1024 பைட், திரைக்கு வேண்டியது 1000. மிச்சம் 24-ன் கடைசி எட்டில்தான் ஸ்பிரைட் என்னும் நகரும் உருவங்களின் சுட்டிகள் இருக்கின்றன. திரையைத் துடைத்ததும் விளையாட்டின் கதாநாயகன் குப்பைப் புள்ளிகளாக மாறினால் காரணம் இதுதான். அனுபவசாலிகள் வேறு வழியில் போவார்கள்: ஒரே லூப்பில் `$0400,X`, `$0500,X`, `$0600,X`, `$06E8,X` என்று நான்கு STA. கடைசி எண்ணைக் கவனியுங்கள், அது `$0700` அல்ல. மூன்றாவது பகுதியோடு கொஞ்சம் மேல்விழுந்தாலும் சரியாக ஆயிரமாவது பைட்டில் முடிகிறது. வேகத்திலும் லாபம். மறைமுக லூப்புக்குச் சுமார் 11 மில்லிசெகண்ட், இதற்கு ஆறரை. இடம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் இன்டெக்ஸ் முறையே மேல் என்பது என் கட்சி. ஓடும்போதுதான் இடம் தெரியவரும் என்றால் மறைமுக முறையைத் தவிர வழியில்லை.

அப்படி ஓர் உதாரணம் இதே கணினியின் உள்ளேயே இருக்கிறது. இன்டரப்ட் வந்தால் ரோமில் உள்ள புரோகிராம் `JMP ($0314)` என்ற கட்டளைக்கு வரும். `$0314`, `$0315` இரண்டிலும் எந்த முகவரி எழுதியிருக்கிறதோ அங்கே தாவும். ரோமை யாரும் திருத்த முடியாது, ஆனால் அந்த இரண்டு பைட்டுகளை யாரும் திருத்தலாம். விளையாட்டு நடக்கும்போதே பின்னணியில் இசை ஒலிக்கவைத்தவர்கள் பலர் இந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்தார்கள்.

இதையெல்லாம் செய்துபார்க்கப் பழைய கணினி வேண்டாம். வைஸ் என்ற இலவச எமுலேட்டர் போதும். அதில் `PRINT PEEK(1)` என்று அடித்தால் அந்த 55 வரும். பிறகு `POKE 1024,55` அடியுங்கள், மூலையில் 7 வரும்.