"மினிமம் பேலன்ஸ் இல்லாத அக்கவுண்ட் வேணும், மேடம்"

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஓரிரு ஆண்டுகளில் மளிகைக் கடைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய தமிழ் அவர்களுக்கு வந்துவிடுகிறது. வங்கியில்தான் தடுமாறுகிறார்கள். கடையில் சொல் வராவிட்டால் பொருளைக் கை நீட்டிக் காட்டலாம். வங்கியில் புரியாத கேள்விக்கு "சரிங்க" என்று தலையாட்டினால், அதன் விளைவு மாதா மாதம் பணமாகக் கணக்கிலிருந்து போகும்.

இப்படி ஓரளவு தமிழ் பேசத் தெரிந்தவர்கள் வாசித்துப் பழகுவதற்காக எழுதிய உரையாடல் இது. ஒருவர் அலுவலராகவும் மற்றவர் வாடிக்கையாளராகவும் இருந்து உரக்கப் படிக்கலாம். வாக்கியங்கள் வேண்டுமென்றே சின்னவை. இடையில் வரும் விளக்கம், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் நமக்கு. வாடிக்கையாளர், ஒடிசாவிலிருந்து வந்து டெய்லராக வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்.

"வணக்கம் மேடம். சேவிங்ஸ் அக்கவுண்ட் ஆரம்பிக்கணும்."

"வாங்கம்மா, உட்காருங்க. ஆதார், பான் கார்டு கொண்டு வந்திருக்கீங்களா?"

"ரெண்டும் இருக்குங்க. ஜெராக்ஸும் இருக்கு. போட்டோவும் இருக்கு."

"ஆதார்ல ஒடிசா அட்ரஸ் இருக்கே. இங்கே எங்கே தங்கியிருக்கீங்க?"

"கம்பெனி ஹாஸ்டல்ல தங்கியிருக்கேன். இந்த ஊர் அட்ரஸுக்கு என்கிட்ட ப்ரூஃப் இல்லை."

"பரவாயில்லைம்மா. ஆதார் வெச்சு, விரல் ரேகை எடுத்துப் பார்த்துக்கிறோம். இப்போ இருக்கிற அட்ரஸை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

வெளியூரிலிருந்து வந்தவர்கள் பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். ஆதாரில் உள்ள முகவரி வேறு, குடியிருக்கும் இடம் வேறு என்றால் கணக்கே கிடைக்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. ஆதார் மூலம் அடையாளம் சரிபார்க்கப்பட்ட ஒருவர், தற்போதைய முகவரி வேறு என்றால், அதை உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம். ஹாஸ்டல் பெயர், தெரு, பின்கோடு எல்லாம் சரியாக எழுதுவது முக்கியம். ஏடிஎம் கார்டு தபாலில் வந்தால் அந்த முகவரிக்குத்தான் வரும்.

அடுத்த கேள்வியை அலுவலர் பெரும்பாலும் கேட்கமாட்டார். வாடிக்கையாளரே கேட்க வேண்டும்.

"மேடம், இந்த அக்கவுண்ட்ல எவ்வளவு பணம் எப்பவும் இருக்கணும்?"

"மாசம் சராசரியா அஞ்சாயிரம் இருக்கணும்மா."

"எனக்கு அது முடியாதுங்க. சம்பளம் வந்ததும் ஊருக்கு அனுப்பிடுவேன். மினிமம் பேலன்ஸ் இல்லாத அக்கவுண்ட் வேணும், மேடம்."

"அப்போ பேசிக் சேவிங்ஸ் அக்கவுண்ட் போடலாம். இந்த பேங்க்ல உங்களுக்கு வேற சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கா?"

"இல்லைங்க."

"மாச சராசரி" என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏழாம் தேதி கணக்கில் பன்னிரண்டாயிரம் விழுகிறதே, ஐயாயிரத்துக்கு மேல் இருக்கிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும். வங்கி அப்படிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருந்த தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறது.

இந்தப் பெண்ணின் கணக்கில் மாதத் தொடக்கத்தில் 500 ரூபாய் இருக்கிறது. முதல் ஆறு நாட்களுக்கு அதைக் கூட்டினால் 3,000. ஏழாம் தேதி சம்பளம் 12,000 வருகிறது. அன்றைய முடிவில் இருப்பு 12,500. எட்டாம் தேதி 11,000 ரூபாயை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். மீதி 1,500 மட்டும் மாதம் முடியும் வரை 23 நாட்கள் இருக்கிறது. அதைக் கூட்டினால் 34,500. எல்லாம் சேர்த்து 50,000. முப்பதால் வகுத்தால் சராசரி சுமார் 1,667 ரூபாய்தான். கேட்ட ஐயாயிரத்தில் பாதிகூட இல்லை. அபராதம் வசூலிக்கும் வங்கியாக இருந்தால், சம்பளம் ஒழுங்காக வந்தும் பணம் பிடிப்பார்கள்.

எல்லா வங்கியும் இப்படி இல்லை. ஸ்டேட் வங்கி 2020இலேயே இந்த அபராதத்தை நிறுத்திவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்ற பொதுத்துறை வங்கிகள் 2025இல் நிறுத்தின. ஆனால் எந்த வங்கிக்குப் போனாலும் பேசிக் சேவிங்ஸ் அக்கவுண்ட் கேட்கலாம். தனியார் வங்கியும் அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டுக்குக் கட்டணம் கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் பணம் போடலாம். மாதத்துக்குக் குறைந்தது நான்கு முறை இலவசமாக எடுக்கலாம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது இதன் முக்கியமான கட்டுப்பாடு. அலுவலர் கடைசியாகக் கேட்ட கேள்வி அதற்காகத்தான். இந்தக் கணக்கைக் கவுண்டரில் தாமாக எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. அது சரியல்ல என்பது என் கருத்து.

படிவத்தின் பின்பக்கம் நாமினி பகுதி வருகிறது. அவசரத்தில் பலர் வெறுமையாக விட்டுவிடும் இடம்.

"நாமினி யார் பேர் எழுதட்டும்மா?"

"என் பொண்ணு பேர் எழுதுங்க."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஒன்பது வயசு."

"அப்போ பெரியவங்க ஒருத்தர் பேரும் சொல்லுங்க. பொண்ணுக்குப் பதினெட்டு வயசு ஆகிற வரைக்கும் அவங்கதான் பணத்தை வாங்க முடியும்."

"என் அம்மா பேர் எழுதுங்க. பொண்ணு அவங்ககிட்டதான் இருக்கா."

கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் வங்கி யாரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் இந்தப் பகுதி சொல்கிறது. நாமினி அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகள் சார்பாக வாங்கி வைப்பவர், அவ்வளவுதான். ஆனால் நாமினி இல்லாவிட்டால் ஒடிசாவில் இருக்கும் வயதான தாய் இங்கே வாரிசு ஆவணங்களோடு அலைய வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக எழுதலாம். கையெழுத்துப் போடுபவர்களுக்குச் சாட்சி தேவையில்லை. கைநாட்டு வைப்பவர்களுக்கு மட்டும் இரண்டு சாட்சிகள் வேண்டும்.

"மேடம், நாமினி பதிவு பண்ணிட்டதா பாஸ்புக்ல எழுதித் தருவீங்களா?"

"தருவோம்மா. நாளைக்கு வந்து பாஸ்புக் வாங்கிக்குங்க. உங்க போனுக்கு ஓடிபி வந்தா யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க பேர் சொல்லிக் கேட்டாலும் சொல்லாதீங்க."

"சரிங்க மேடம். இது என்ன அக்கவுண்ட்னும் பாஸ்புக்ல இருக்குமா?"

"இருக்கும். பார்த்து வாங்கிக்குங்க."

பாஸ்புக் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைக் கவுண்டரிலேயே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, கணக்கு வகை பேசிக் சேவிங்ஸ்தானா, நாமினி பதிவான குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சாதாரணக் கணக்காகப் போட்டிருந்தால் அங்கேயே மேனேஜரிடம் எழுத்தில் மாற்றிக் கேட்கலாம். புகார் கொடுத்து முப்பது நாளாகியும் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் அதைப் பதிவு செய்யலாம். உங்கள் பக்கத்து வீட்டிலோ கம்பெனியிலோ இப்படி ஒருவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவரோடு உட்கார்ந்து இந்த உரையாடலை வாசியுங்கள். அலுவலராக நீங்கள் இருங்கள். கேள்விகளை அவர் கேட்கட்டும்.