ஒரு கட்டத்தைத் திருத்தினால் பக்கம் முழுவதும் பதிவாகும்

பள்ளி அலுவலகத்தின் சேர்க்கைப் பதிவேடு பல இடங்களில் இன்று கணினித் திரைக்குள் போய்விட்டது. எழுத்தர் உள்நுழைந்து, மாணவர் பெயரைத் தேடி, கட்டங்களைத் திருத்தி, `Save` அழுத்துகிறார். இப்படிப்பட்ட நிர்வாகத் திரைகளில் பரவலாகப் பயன்படுவது ஜாங்கோ என்ற மென்பொருளோடு வருவது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில் உருவாகி, 2005-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது அது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் எளிதாகக் கையாளலாம். ஆனால் அது எப்படிச் சேமிக்கிறது, எப்படி நீக்குகிறது என்று தெரியாமல் கைவைத்தால் வம்புதான். எழுத்தர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி தருவதானால் மூன்று பாடங்கள் போதும்.

முதல் பாடம்: சரியான ஆள்தானா? (10 நிமிடம்)

பெயரை வைத்துத் தேடினால் ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் வரலாம். சேர்க்கை எண்ணை வைத்துத் தேடவேண்டும். பக்கம் திறந்ததும் எண்ணோடு தந்தை பெயரையோ பிறந்த தேதியையோ விண்ணப்பத்தோடு ஒப்பிட்ட பிறகே கட்டத்தில் கைவைக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: திருத்துவதும் சேமிப்பதும் (30 நிமிடம்)

நேரத்தில் பாதி இதற்கே. காலை பத்து மணிக்கு ஓர் எழுத்தர், முகவரியை மாற்றுவதற்காக 1147 என்ற சேர்க்கை எண்ணுள்ள மாணவியின் பக்கத்தைத் திறக்கிறார். அதற்குள் பெற்றோர் ஒருவர் வந்துவிட, பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறார். பத்தேகாலுக்குப் பக்கத்து மேஜைக்காரர் அதே மாணவியின் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமிக்கிறார். பத்தரைக்கு முதலாமவர் திரும்பி வந்து, முகவரியை மட்டும் மாற்றி `Save` அழுத்துகிறார். புதிய தொலைபேசி எண் போய், பழைய எண் திரும்பி வந்துவிடுகிறது.

முதலாமவர் திரையில் இருந்தது பத்து மணிக்கு எடுத்த நகல். `Save` அழுத்தும்போது மாற்றிய கட்டம் மட்டும் போவதில்லை, பக்கத்திலுள்ள எல்லாக் கட்டங்களும் போகின்றன. கடைசியில் சேமித்தவர் சொன்னதே நிற்கும். தனியாக ஒரு தடுப்பு வைத்திருந்தால் தவிர, திரை எச்சரிக்காது. பச்சை நிறத்தில் வெற்றிச் செய்திதான் காட்டும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. பக்கத்தின் மேலே இருக்கும் `History` பொத்தானை அழுத்தினால் யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார் என்று வரிசையாகத் தெரியும். முகவரியை மட்டுமே தொட்டவர் பெயருக்கு எதிரே தொலைபேசியும் மாறியதாக இருந்தால், நடந்தது இதுதான். ஆனால் முன்பு என்ன எண் இருந்தது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதனால் தேதி, சேர்க்கை எண், கட்டம், பழைய விவரம், புதிய விவரம், யார் கேட்டது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிவைப்பது வீண் வேலை அல்ல.

பழக வேண்டியது இவ்வளவே. திருத்தப்போகும் நேரத்தில் பக்கத்தைப் புதிதாகத் திற. மாற்றி, `Save and continue editing` அழுத்து. அப்போது திரையில் வருவது தரவுத்தளத்திலிருந்து மறுபடி எடுத்த விவரம். அதைப் படித்துப் பார்த்துவிட்டு மூடு. திறந்த பக்கத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே.

மூன்றாம் பாடம்: நீக்குவது (20 நிமிடம்)

மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன மாணவரின் பதிவை எடுத்துவிடலாமே என்று தோன்றும். `Delete` அழுத்தியதும் உறுதி கேட்கும் பக்கம் ஒன்று வரும். அதிலுள்ள `Summary` பகுதியைப் படிக்கவேண்டும். மாணவர் 1, கட்டண ரசீது 14 என்று இருந்தால், அந்தப் பதினான்கு ரசீதுகளும் மாணவரோடு சேர்ந்து அழியும் என்று பொருள். தணிக்கையின்போது வசூல் கணக்கு உதைக்கும். இந்தத் திரையில் குப்பைத்தொட்டி கிடையாது. காப்புப் பிரதியிலிருந்துதான் மீட்கவேண்டும், அதற்கு நிரலரைக் கூப்பிட வேண்டும்.

எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் `No, take me back` என்பதை அழுத்தித் திரும்பிவிட வேண்டும். நீக்குவதற்குப் பதிலாக, மாணவரின் நிலையை ‘விலகியவர்’ என்று மாற்றினால் போதும். ஜாங்கோவே தன் பயனர் கணக்குப் பக்கத்தில், கணக்கை நீக்காமல் `Active` என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிடும்படி எழுதிவைத்திருக்கிறது.

இவற்றை உண்மையான பதிவுகளில் பழகக் கூடாது. நிரலரிடம் பொய்ப்பெயர்களோடு ஒரு சோதனைத் தளம் கேட்டு வாங்கி, இரண்டு எழுத்தர்களை ஒரே பதிவைத் திறக்கச் சொல்லி, தொலைபேசி எண் காணாமல் போவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கச் செய்யலாம். தலைமை எழுத்தருக்கும் ஒரு வேலை உண்டு. பார்க்க, சேர்க்க, மாற்ற, நீக்க என்று இந்தத் திரையில் அனுமதிகள் தனித்தனியே உள்ளன. அன்றாடம் திருத்துபவர்களின் கணக்கிலிருந்து நீக்கும் அனுமதியை எடுத்துவிட்டால் `Delete` பொத்தானே அவர்கள் திரையில் வராது.