வளைவுக்கு முன்பே வேகம் குறைக்கும் கார்

ஜெர்மனியின் கிராமப்புறச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு கார். முன்னே வண்டி எதுவுமில்லை; ஆனாலும் வளைவுக்குச் சுமார் 175 மீட்டர் முன்பே க்ரூஸ் கன்ட்ரோல் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. கேமராவுக்கு இன்னும் தெரியாத வளைவை வரைபடம் சொல்லிவிடுகிறது. ஆரம் 100 மீட்டர் என்றால், உள்ளே இருப்பவர்கள் பக்கவாட்டில் அதிகம் சாயாமல் போக 57 கி.மீ. அளவே ஏற்றது என்று கணக்கிடுகிறது.

ரவுண்டானாவுக்கும் இதே வழிதான். ஆனால் அது புதிதாகக் கட்டப்பட்டு, வரைபடம் பழையதாக இருந்தால் வேகம் குறையாமல் போகலாம். பிரேக்கில் கால் வைப்பது ஓட்டுநர் வேலை. நெடுஞ்சாலையில் நேரே போகும்போது, பக்கத்தில் பிரியும் கிளைச்சாலையில் இருப்பதாகக் கார் தவறாக எண்ணினால் காரணமின்றி வேகம் தணியும். பின்னால் வருபவருக்கு இது ஆபத்து. உடனே ஆக்சிலரேட்டரை மிதித்தால் பழைய வேகத்துக்கு வந்துவிடலாம்.