கேஸ் போடச் சொல்வதற்கு முன்

மாசிப் பனி விலகி வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியதும் எங்கள் சர்வீஸ் கடைக்கு வரும் போன்களில் அடிக்கடி கேட்பது இதுதான்: “ஏசியில கூலிங் இல்லைங்க. கேஸ் போடணும், ஆள் அனுப்புங்க.” ஆனால் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த ஏசிக்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் கேஸ் அல்ல, தண்ணீர்க் கழுவல்.

ஏசியின் கேஸ் பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடம் ஆன ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. இரவில் இரண்டு மணி நேரம் ஓடியும் அறை குளிரவில்லை; இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீரும் சொட்டுகிறது. மெக்கானிக் வந்ததும் கேஜை மாட்டுகிறார். பிரஷர் குறைவாகக் காட்டுகிறது. உடனே கேஸ் ஏற்றிவிட்டால் அங்கேதான் தவறு. ஃபில்டரிலும் காயிலிலும் தூசி அடைத்திருந்தால் காற்று போதிய அளவு உள்ளே போகாது. காயில் ஐஸ் கட்டும், கேஜிலும் பிரஷர் இறங்கியே தெரியும். ஐஸை உருகவிட்டு, காயில், புளோயர், டிரெயின் பைப் எல்லாவற்றையும் கழுவிய பிறகு அதே கேஜ் சரியான அளவைக் காட்டக்கூடும். முன்பே கேஸ் ஏற்றியிருந்தால் இப்போது அது அளவுக்கு மிஞ்சி, கம்ப்ரஸர் திணறும். கரண்ட் பில்லும் ஏறும்.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஏசி முன் கையை நீட்டிப் பாருங்கள். காற்று சில்லென்று இருந்தும் வேகமில்லை என்றால் ஃபில்டரிலோ புளோயரிலோ அழுக்கு இருக்கலாம். ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினாலே சில நேரம் சரியாகிவிடும். காற்று வேகமாக வந்தும் குளிர்ச்சி இல்லையென்றால் அவுட்டோர் யூனிட்டில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், அல்லது கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம்.

கேஸ் குறைந்திருந்தால் கசிவை அடைக்காமல் மேலே நிரப்புவது வீண் செலவு, மறுபடியும் வெளியேறிவிடும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். குமிழ் வந்தால் கசிவு அங்கேதான். அதை அடைத்து, வேக்யூம் பம்ப் வைத்துக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகு, அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் எழுதியுள்ள எடைக்குத் தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும்.

சித்திரை பிறந்துவிட்டால் எல்லா மெக்கானிக்கும் ஓட்டத்தில் இருப்பார்கள். நின்று கழுவ நேரம் கிடைக்காது. பங்குனியிலேயே அழையுங்கள். வந்தவரிடம் “முதலில் கழுவுங்கள், பிறகு கேஜ் வையுங்கள்” என்று சொல்லுங்கள். கேஸ் குறைவு என்றால், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.